பதினோராவது நிமிடத்தின் விலை

காலை 9 மணி 10 நிமிடம் வரை நீங்கள் நிறுவனத்தின் குடும்ப உறுப்பினர். 9:11க்கு நீங்கள் குற்றவாளி. அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்குள் எந்தப் பாவமும் புகுந்துவிடவில்லை. வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றிருக்கும், அல்லது டிரைவர் படியில் தொங்கியவர்களை உள்ளே ஏறச் சொல்லி பஸ்ஸை நிறுத்தியிருப்பார். ஆனால் சுவரில் தொங்கும் கறுப்புப் பெட்டிக்கு லாரியும் தெரியாது, டிரைவரின் நல்ல மனசும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அரை நாள் சம்பளத்தை அறுக்கத் தெரிந்தவர்கள் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள்.

"பத்து நிமிடம் கிரேஸ் டைம். மாதத்தில் மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம்." தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்குத் தொழிற்பேட்டை, பள்ளிக்கூடம் முதல் ஜவுளிக்கடை வரை, ஒரே அச்சில் வார்த்ததுபோல் இந்த இரண்டு வரி ஒட்டியிருக்கும். யார் எழுதியது, எந்தக் கணக்கில் மூன்றுக்கு அரை வந்தது என்று கேட்டால் "கம்பெனி பாலிசிங்க" என்பார்கள். அரசு அலுவலகங்களில் தாமதத்துக்கு அரை நாள் தற்செயல் விடுப்பைக் கழிக்கும் வழக்கம் உண்டு. அங்கே போவது விடுப்பு, சம்பளம் முழுசாக வரும். தனியார் முதலாளிகள் அதைப் பார்த்து எழுதும்போது விடுப்பு என்ற சொல்லை மட்டும் கைமறதியாக விட்டுவிட்டார்கள். கைமறதி எப்போதும் ஒரே பக்கமாகத்தான் நடக்கிறது.

இந்த விதி என்ன செய்கிறது என்று ஒரு சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் ஒரு பெண். மாதச் சம்பளம் 18,200 ரூபாய். மாதத்துக்கு 26 வேலை நாள், சாப்பாட்டு இடைவேளை போக நாளுக்கு 8 மணி நேரம். அப்படியானால் ஒரு நாளுக்கு 700 ரூபாய், மணிக்கு 87 ரூபாய் 50 காசு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 46 காசு. அந்த மாதம் அவர் மூன்று நாள் தாமதம்: 11 நிமிடம், 13 நிமிடம், 16 நிமிடம். மொத்தம் 40 நிமிடம். அவர் வேலை செய்யாத நேரத்தின் விலை 58 ரூபாய் 33 காசு. பிடித்தது 350 ரூபாய்.

அதே பிரிவில் இன்னொருவர், ஆலைக்கு அடுத்த தெருக்காரர். டீ குடித்து, பேப்பர் புரட்டி, மாதம் முழுக்க 9:09க்குத் தவறாமல் விரல் வைக்கிறவர். நாளுக்கு 9 நிமிடம், 26 நாளுக்கு 234 நிமிடம். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், அதாவது உண்மையான அரை நாள். அதன் விலை 341 ரூபாய் 25 காசு. பிடித்தது பூஜ்யம். ஆண்டு விழாவில் நேரந்தவறாமைக்கு அவருக்கு ஒரு பிளாஸ்டிக் டிபன்பாக்ஸும் கிடைக்கலாம்.

அவர்மீது எனக்கு வருத்தமில்லை. விதியைப் படித்துப் புரிந்துகொண்டவர், அவ்வளவுதான். அரை நாள் எடுத்தவருக்கு ஒன்றுமில்லை, முக்கால் மணி நேரம்கூட எடுக்காதவருக்கு அரை நாள் என்று தீர்ப்பெழுதிய மூளைமீதுதான் கோபம். இந்த விதி தாமதத்துக்குத் தண்டனை கொடுக்கவில்லை. தொலைவில் குடியிருப்பதற்கும், ஒரே பஸ்ஸை நம்பியிருப்பதற்கும், காலையில் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருவதற்கும் கொடுக்கிறது.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லிவிட்டது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை போட்டது. அந்தச் சம்பளக் காலத்தில் அவர் வேலை செய்ய வேண்டிய மொத்த நேரத்தில், அவர் இல்லாத நேரம் எத்தனை பங்கோ, சம்பளத்திலும் அத்தனை பங்குதான் பிடிக்கலாம், அதற்கு மேல் கூடாது. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே 20ஆம் பிரிவாக வைத்துக்கொண்டிருக்கிறது. நம் பெண்ணின் விஷயத்தில் மொத்த நேரம் 208 மணி, அதாவது 12,480 நிமிடம். இல்லாத நேரம் 40 நிமிடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. விடை 58 ரூபாய் 33 காசு. நாற்பது நிமிடம் இல்லாத ஒருவரை 240 நிமிடம் இல்லாதவராக்க எந்தப் பிரிவும் இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் மேலே பிடித்த 291 ரூபாய் 67 காசு என்ன? ஹெச்.ஆர். மேடம் அதை "ஒழுங்கு நடவடிக்கை" என்பார். சட்டத்தில் அதற்குப் பெயர் அபராதம். அபராதம் போடுவதற்கும் அந்தத் தொகுப்பில் வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியில் நடக்க எந்த முதலாளிக்கும் கால் வராது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு பட்டியல் போட்டு, ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். பிடிப்பதற்கு முன் "ஏன் பிடிக்கக் கூடாது?" என்று அந்த ஆளிடம் கேட்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 18,200க்கு அது 546 ரூபாய். ஒவ்வொரு அபராதத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டாலும் முதலாளிக்குக் கசக்கிற ஒரு வரி மீதி இருக்கிறது: அபராதமாக வந்த பணம் முதலாளியுடையது அல்ல. அதை ஊழியர்களின் நன்மைக்கு மட்டும்தான் செலவழிக்கலாம்.

இந்த வரியைப் படித்துவிட்டு உங்கள் அலுவலகத்தில் போய் அபராதப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். "அப்படி எதுவும் மெயின்டெய்ன் பண்றதில்ல, நாங்க ஃபைனே போடறதில்லீங்க" என்று கண்ணியமாகச் சொல்வார்கள். உண்மைதான். அபராதம் போடுவதில்லை. அரை நாள் வேலைக்கே வரவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். வந்து, நின்று, பெட்டி அடுக்கி, வியர்வை விட்ட ஒருத்தியை வரவில்லை என்று எழுதுவதற்கு நாகரிகமான பெயர் எல்.ஓ.பி. பொய்க் கணக்கு என்பது அதன் அசல் பெயர்.

சின்னத் தொகை, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆலையில் மாதம் 63 பேர் இந்த வலையில் விழுந்தால் அப்படிச் சுருட்டியது 18,375 ரூபாய். லேட் கணக்கைப் பார்ப்பதற்கென்றே ஒரு உதவியாளரை வைத்து, அவருக்கு 18,200 சம்பளம் கொடுத்து, மிச்சத்தில் பஜ்ஜியும் வாங்கலாம். தங்களைத் தண்டிக்கிறவரின் சம்பளத்தையும் தாங்களே கட்டுகிறார்கள். சுயமரியாதை பிறந்த மண்ணில் இது நடக்கிறது.

இப்போது அந்தக் கறுப்புப் பெட்டியிடம் வருவோம். காலை ஷிப்டுக்கு 300 பேர், வாசலில் இரண்டு மெஷின். ஒருவருக்கு ஐந்து நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு மெஷினில் 150 பேர் முடிய 750 நொடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். 8:58க்கே வாசலை மிதித்து வரிசையின் வாலில் நின்றவர் விரல் வைக்கும்போது மணி 9:10:30. அதை 9:10 என்று எழுதுவதா, மேலே ஏற்றி 9:11 என்று எழுதுவதா என்பதை மென்பொருளில் யாரோ ஒருமுறை டிக் அடித்து முடிவு செய்திருப்பார்கள். அந்த டிக்கில் ஒருவரின் அரை நாள் இருக்கிறது. நிறுவனம் மூன்றாவது மெஷின் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை, வரிசையில் நின்றவரின் சம்பளத்திலும் பிடிக்கிறது. கிரேஸ் டைம் என்று பெருந்தன்மையாகக் கொடுத்த பத்து நிமிடம், அவர்களுடைய வாசலிலேயே செலவாகிவிட்டது.

ஐந்து நொடி என்பதும் விரல் ஒழுங்காகப் பதிந்தால்தான். சாயப் பட்டறையிலும் சிமென்டிலும் பாத்திரம் கழுவியும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று பெட்டி வெள்ளைக்காரக் குரலில் கூவும். மூன்றாம் தடவை, நான்காம் தடவை, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு, கடைசியில் "தேங்க் யூ". இத்தனை வருட உழைப்பில் நிறுவனம் அவருக்குச் சொன்ன ஒரே நன்றி அதுதான். உழைத்துத் தேய்ந்த விரலுக்கே அபராதம் போடும் கருவியை வாங்கியவர்கள், அதற்குத் திறப்பு விழாவும் நடத்தினார்கள்.

பெட்டியின் கடிகாரம் சரியா என்பது அடுத்த கேள்வி. இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். உங்கள் வாசல் பெட்டிக்கு அந்த ஆய்வகத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. நெட்வொர்க்கில் இணைத்து நேரத்தைச் சரிசெய்யாவிட்டால் அது தன் பாட்டுக்கு ஓடும், மெல்ல முன்னாலோ பின்னாலோ நகரும். கண்டுபிடிப்பது சுலபம்: மெஷின் திரையையும் பக்கத்தில் செல்போன் திரையையும் சேர்த்து ஒரு போட்டோ. நான்கு நிமிடம் முன்னால் ஓடுகிற பெட்டி, பத்து நிமிட கிரேஸை ஆறு நிமிடமாக்கிவிடுகிறது. பின்னால் ஓடுகிற பெட்டியைப் பற்றி மட்டும் நிர்வாகத்துக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுவது விஞ்ஞானத்துக்கே சவால்.

மாலையில் பெட்டிக்குத் திடீரென்று பார்வை மங்கும். காலையில் நிமிடத்தை எண்ணியது, மாலையில் அரை மணியைக்கூடப் பார்க்காது. 5:30க்கு முடிய வேண்டிய வேலை 5:55 வரை இழுத்தால் அது "டெடிகேஷன்". 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்றது. அந்தக் கணக்கை எடுக்கும்போது மட்டும் 18,200ஐ 26ஆல் வகுக்காமல் 30ஆல் வகுப்பார்கள். நாள் சம்பளம் 700லிருந்து 606 ரூபாய் 67 காசுக்கு இறங்கிவிடும். பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 30. இதைக் கண்டுபிடிக்க உங்கள் சம்பளச் சீட்டும் ஒரு கால்குலேட்டரும் போதும்: எல்.ஓ.பி. தொகையை எல்.ஓ.பி. நாளால் வகுங்கள், ஓ.டி. தொகையை ஓ.டி. மணியால் வகுத்து, இரண்டால் வகுத்து, எட்டால் பெருக்குங்கள். இரண்டும் ஒரே நாள் சம்பளத்தில் போய் நிற்காவிட்டால், உங்களுக்கு இரண்டு விலை வைத்திருக்கிறார்கள்.

இந்த விதியின் இன்னொரு அழகு, அது தாமதத்தை வளர்க்கிறது. மூன்றாவது லேட் அன்று 9:11க்கு வாசலுக்கு வந்தவருக்கு இனி எத்தனை மணிக்கு உள்ளே போனாலும் அரை நாள் போனதுதான். அறிவுள்ளவர் டீக்கடையில் உட்கார்ந்து பிற்பகல் ஒரு மணிக்கு உள்ளே போக வேண்டும். போனால் என்ன நடக்கும்? காலை வராததற்கு அரை நாள், மூன்று லேட்டுக்கு அரை நாள், மொத்தம் ஒரு நாள். ஓடி வந்தாலும் நஷ்டம், உட்கார்ந்து வந்தாலும் நஷ்டம் என்று ஆனபிறகு "ஏம்மா இன்னைக்கு லீவே போட்டிருக்கலாமே" என்று சூப்பர்வைசரே சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

"அப்ப லேட்டா வர்றவங்களைக் கொஞ்சச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். கொஞ்ச வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். தினமும் பத்து நிமிடம் என்ற கிரேஸை எடுத்துவிட்டு மாதத்துக்கு மொத்தமாக அறுபது நிமிடம் கொடுங்கள். பஸ் ஒரு நாள் இருபது நிமிடம் தாமதிக்கலாம், ஒரு நாள் ஐந்து நிமிடம், பல நாள் பூஜ்யம். வாழ்க்கை அப்படித்தான் தாமதிக்கிறது, தினமும் சரியாகப் பத்து நிமிடமாக அல்ல. அறுபதைத் தாண்டினால் தாண்டிய நிமிடத்துக்கு மட்டும், நிமிடக் கூலிக் கணக்கில் பிடியுங்கள். மேலே சொன்ன பேக்கிங் பெண்ணின் 40 நிமிடத்துக்கு ஒன்றும் பிடிக்க வேண்டியதில்லை. அடுத்த தெருக்காரரின் 234 நிமிடத்தில் 174 நிமிடத்துக்கு 253 ரூபாய் 75 காசு போகும். அடுத்த மாதம் அவர் பேப்பரை வீட்டிலேயே படிப்பார்.

இதற்குப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். சம்பளம் போடுகிறவரின் எக்செல் தாளில் F பத்தியில் ஒவ்வொரு நாளின் தாமத நிமிடமும், H2வில் நாள் சம்பளமும், G2வில் நிமிடக் கூலியும் இருந்தால், இப்போதைய விதி இது:

```
=INT(COUNTIF(F2:F27,">10")/3)*H2/2
```

நான் சொல்வது இது:

```
=MAX(0,SUM(F2:F27)-60)*G2
```

இரண்டாவது சூத்திரம் முதலாவதைவிடச் சின்னது. நியாயம் சிக்கலானது, நடைமுறைக்கு ஒத்துவராது என்று மீட்டிங்கில் கை விரிக்கிறவர்கள் இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்கட்டும்.

F பத்தியில் எதைப் போடக் கூடாது என்பது முக்கியம். கம்பெனி பஸ்ஸே தாமதமாக வந்த நாளில் அதில் வந்த அத்தனை பேருக்கும் பூஜ்யம். மெஷின் படுத்த நாளில் பூஜ்யம். வரிசைக் கணக்குக்கு மெஷினை நம்பாமல், வாசலில் நுழைந்த நேரத்தை எடுங்கள். சம்பளம் போடுவதற்கு மூன்று நாள் முன்னால் அவரவர் பஞ்ச் பட்டியலை அவரவருக்குக் காட்டி, தப்பிருந்தால் சொல்ல இடம் கொடுங்கள். மெஷின் பதிவு செய்த அசல் நேரத்தை அழித்துவிட்டு மேலே எழுதும் வசதி பல மென்பொருளில் உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்று தடயம் இல்லாத வருகைப்பதிவை ஆதாரமென்று நீட்டுவது, அழிரப்பரால் எழுதிய ரசீது.

உற்பத்தி லைனில் ஒருவர் வராவிட்டால் இருபது பேர் சும்மா நிற்க வேண்டியிருக்கும், நிமிடத்துக்கு 1 ரூபாய் 46 காசு அந்த நஷ்டத்தை ஈடுகட்டாது என்பார்கள். இது மட்டும் நியாயமான வாதம். ஆனால் அந்த நஷ்டத்துக்கு மருந்து, லைனுக்கு ஒரு மாற்றாள் வைப்பது. இருபது பேருக்கு ஒரு மாற்றாள்கூட வைக்காமல் லைனை நூலில் தொங்கவிட்டவர் முதலாளி, நூல் அறுந்தால் பில் மட்டும் தொழிலாளிக்கு. சிலர் வருகை ஊக்கத்தொகை என்று 1,000 ரூபாய் அறிவித்து ஒரே ஒரு லேட்டுக்கு முழுசையும் விழுங்குகிறார்கள். அது அதே அரை நாளுக்கு மாலை போட்டது.

திருந்தாமல் தாமதிக்கிறவர் எங்கேயும் உண்டு, மறுக்கவில்லை. வழக்கமாகத் தாமதமாக வருவதை மாதிரி நிலையாணைகள் ஒழுங்கீனம் என்றே வைத்திருக்கின்றன. எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள், குற்றச்சாட்டு மெமோ கொடுங்கள், விசாரணை வைத்து அவர் தரப்பைக் கேளுங்கள். அதற்கு நேரமும் தைரியமும் வேண்டும், முகத்துக்கு நேரே பேச வேண்டும். எக்செல் தாளில் ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் நம் நிர்வாகவியல் பட்டதாரிகளுக்குச் சம்பளப் பிடித்தம் இவ்வளவு பிடிக்கிறது.

தவறாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. தொழிலாளர் துறையில் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பிடித்ததைத் திருப்பித் தரச் சொல்வதோடு, பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்து உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. 291 ரூபாய்க்காக ஒருவர் வேலையைப் பணயம் வைத்து மனு கொடுக்கமாட்டார் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெளிவின்மேல்தான் இந்த விதி நிற்கிறது. ஒருவர் கொடுக்காத மனுவை அறுபத்து மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் கதை வேறு, அதனால்தான் அறுபத்து மூன்று பேர் ஒன்றாகத் தேநீர் குடிப்பதைக் கண்டாலே செக்யூரிட்டி விசில் ஊதுகிறார்.

சட்டம் முதலாளிக்கும் ஒரு கிரேஸ் டைம் கொடுத்திருக்கிறது. மாதம் முடிந்தபின் ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். பத்து நிமிடமல்ல, ஏழு நாள். அதையும் தாண்டிப் பன்னிரண்டாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று சம்பளம் போடும் புண்ணியவான்கள் எத்தனை பேர் என்பது அவரவர் பேங்க் மெசேஜைப் பார்த்தால் தெரியும். ஆகவே, ஊழியர்கள் சார்பில் இந்தச் சுற்றறிக்கை:

"நிர்வாகத்தின் நலன் கருதியும், ஒழுங்கை மேம்படுத்தும் பொருட்டும், கீழ்க்கண்ட விதி உடனடியாக நடைமுறைக்கு வருகிறது. சம்பளம் ஏழாம் தேதியைத் தாண்டினால் ஒரு லேட். மூன்று லேட்டுக்கு, ஒவ்வொரு ஊழியருக்கும் அரை மாதச் சம்பளம் கூடுதலாக வழங்க வேண்டும். நம் பேக்கிங் பெண்ணுக்கு அது 9,100 ரூபாய். பேங்க் சர்வர் வேலை செய்யவில்லை, வாடிக்கையாளர் பணம் தரவில்லை, ஆடிட்டர் ஊரில் இல்லை போன்ற காரணங்கள் ஏற்கப்படமாட்டா. ஞாயிறு குறுக்கிட்டது என்பதும் காரணமாகாது. சனிக்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். இது குறித்து எந்த விளக்கமும் கேட்கப்படாது. கம்பெனி பாலிசி."